ஐம்பத்தோராவது பாக்கெட்

வீட்டிலேயே இட்லிப் பொடி செய்து விற்கும் ஒரு பெண்மணி, மில்லில் அரைத்து வாங்கிய 10 கிலோ பொடியை 200 கிராம் பாக்கெட்டுகளாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 50 பாக்கெட் வர வேண்டும். பொடி கொஞ்சம் பறக்கும், பாத்திரத்தில் கொஞ்சம் ஒட்டும். ஐம்பதாவது பாக்கெட் சற்றுக் குறைந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். ஆனால் 50 பாக்கெட் கட்டி முடித்த பிறகும் பொடி மிச்சமிருக்கிறது. 51ஆவது கவரும் முக்கால்வாசிக்கு மேல் நிறைகிறது.

பொடி பெருகவில்லை. சமையலறைத் தராசு உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகிறது. திரையில் 200 என்று வரும்போது கவருக்குள் 196 கிராம்தான் இருக்கிறது. ஒரு பாக்கெட்டில் 4 கிராம் குறைந்தால் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது. 50 பாக்கெட்டில் அது 200 கிராமாகச் சேர்ந்து, இன்னொரு பாக்கெட்டாகவே வந்து நிற்கிறது.

இதை உறுதிசெய்து கொள்ள எடைக்கல் வேண்டும் என்பதில்லை. கடையில் வாங்கும், உறை பிரிக்காத 1 கிலோ தூள் உப்புப் பாக்கெட் போதும். அதை எப்படிப் பயன்படுத்துவது, எந்த அளவுக்கு நம்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏன் உப்பு? அது மலிவு, எந்த வீட்டிலும் இருப்பது, நன்றாக ஒட்டிய கவருக்குள் எடை மாறாமல் கிடப்பது. சர்க்கரையும் சரிதான். சோப்பு வேண்டாம், வைக்க வைக்க ஈரம் காய்ந்து எடை குறையும். பால் பாக்கெட்டை எடுப்பது பலர் செய்யும் தவறு. அதில் 500 என்று இருப்பது மில்லிலிட்டர். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் அரை லிட்டர் பால் ஏறத்தாழ 515 கிராம் இருக்கும். எண்ணெய் நேர்மாறு, ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் அளவில்தான் நிற்கும். இவற்றை வைத்துப் பார்த்தால் நல்ல தராசின் மேலும் பழி விழும். கவரில் கிராம் அல்லது கிலோ என்று அச்சிட்ட பொருளாக இருக்க வேண்டும்.

உப்புக் கவரில் ‘நிகர எடை 1 கிலோ’ என்று போட்டிருந்தாலும், உள்ளே சரியாக 1000 கிராம் இருக்கும் என்று சட்டமே சொல்லவில்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், தனியொரு 1 கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை குறைவதைப் பிழையாக அனுமதிக்கின்றன. இயந்திரம் வேகமாகக் கொட்டி ஒட்டும்போது ஒன்று கூடும், ஒன்று குறையும். அதற்கான இடம் அது. ஆனால் ஒரு தொகுதியிலிருந்து பல பாக்கெட்டை எடுத்து நிறுத்தால் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் நமக்கு உதவுகிறது. ஒரே ஒரு பாக்கெட் 985 ஆகவும் இருக்கலாம், 1010 ஆகவும் இருக்கலாம். நான்கைந்து பாக்கெட்டின் சராசரி அப்படி அலையாது; 1000க்கு மிக அருகிலோ, அதைவிடச் சில கிராம் கூடுதலாகவோ இருக்கும். ஆகவே ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாதச் சாமான் வாங்கும் நாளில் கடைக்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டாவது ஐந்து பாக்கெட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கவரின் எடை. அச்சிட்டிருப்பது உப்பின் எடை மட்டும். தராசில் ஏறுவது உப்பும் கவரும். ஒரு காலிக் கவரை மட்டும் வைத்தால் 1 கிராம் படியுள்ள தராசு 5 காட்டும், 7 காட்டும், சில சமயம் ஒன்றுமே காட்டாது. பழைய கவர்களைப் பத்து சேர்த்து வைத்து நிறுத்து, பத்தால் வகுங்கள். பத்தும் சேர்ந்து 62 கிராம் என்றால் ஒரு கவர் 6 கிராம்.

இப்போது நிறுக்கலாம். தராசு கல் மேடையிலோ சமமான தரையிலோ இருக்கட்டும். மடித்த துணி, ரப்பர் விரிப்பு எதுவும் அடியில் வேண்டாம். பேட்டரி பாதி தீர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தராசை இயக்கி, பூஜ்யம் அசையாமல் நிற்கும் வரை பொறுத்து, பாக்கெட்டைத் தட்டின் நடுவில் வையுங்கள். பாக்கெட்டின் ஓரம் தொங்கி மேடையையோ தராசின் முன்பக்கத்தையோ தொடக் கூடாது. ஒவ்வொரு முறை எடுத்ததும் திரை பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாமல் 2 அல்லது 3 என்று நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பொடிக்காரப் பெண்மணியின் தராசில் ஐந்து பாக்கெட்டும் 1028, 1031, 1026, 1033, 1027 என்று வந்ததாகக் கொள்வோம். சராசரி 1029. உண்மையில் என்ன இருந்திருக்க வேண்டும்? உப்பு சரியாக 1000 என்றால் கவரோடு 1006. ஆலை பாதுகாப்புக்காக 5 கிராம் கூடப் போட்டிருந்தால் 1011. தராசு காட்டிய 1029ஐ இவற்றோடு ஒப்பிட்டால், முதல் கணக்கில் 2.3 சதவீதம் கூடுதல், இரண்டாம் கணக்கில் 1.8 சதவீதம் கூடுதல். ஏறத்தாழ 2 சதவீதம் அதிகம் காட்டுகிறது என்று துணிந்து சொல்லலாம். 2.1ஆ 1.9ஆ என்று உப்புப் பாக்கெட்டால் சொல்ல முடியாது. இந்த முறையின் எல்லை அதுதான். பிழை 1 சதவீதத்துக்கும் கீழே என்றால், தப்பு தராசிலா பாக்கெட்டிலா என்று பிரிக்க வழியில்லை. அப்படி வந்தால் சமையலுக்கு அந்தத் தராசு போதுமானது என்று விட்டுவிடலாம்.

இங்கே ஒரு துணைச் செய்தி. இந்தத் தராசுகள் எடையை நேராக அளப்பதில்லை. தட்டுக்குக் கீழே உள்ள உலோகத் துண்டு எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, அதை கிராமாக மாற்றிச் சொல்கின்றன. வளைப்பது புவியீர்ப்பு. அது நிலநடுக்கோட்டில் இருப்பதைவிடத் துருவத்தில் ஏறக்குறைய அரை சதவீதம் அதிகம். ஆகவே குளிர்நாட்டுத் தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்ட தராசு, சென்னையில் கிலோவுக்கு இரண்டு மூன்று கிராம் குறைத்துக் காட்டினால் அது பழுதல்ல. 2 சதவீதப் பிழைக்கு இந்தக் காரணம் போதாது. அது மலிவான உணரி, விழுந்த அடி, அளவுக்கு மீறி ஏற்றிய பாரம் போன்றவற்றால் வருவது.

ஐந்து பாக்கெட்டும் கையில் இருக்கும்போதே இன்னொரு சோதனையைச் செய்துவிட வேண்டும். தராசின் உச்சம் 5 கிலோ என்றால் நான்கு பாக்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். முதல் நான்கின் தனித்தனி எடைகளைக் கூட்டினால் 4118. அடுக்கி வைத்தபோது 4117 வந்தால், கூட்டலும் மொத்தமும் ஒத்துப்போகின்றன. தராசு சரி என்று இதற்குப் பொருள் இல்லை. 2 சதவீதம் அதிகம் காட்டும் தராசு சிறியதையும் பெரியதையும் ஒரே விகிதத்தில் ஊதிக் காட்டுகிறது. அதனால் அதன் கணக்குகள் தமக்குள் எப்போதும் ஒத்துப்போகும். அளவு குறைந்த முழக்கோலால் துணியையும் அளந்து, அதன் துண்டுகளையும் அளந்தவருக்குக் கணக்கு உதைக்காதது போலத்தான்.

பொடிக் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். மில்லில் முத்திரையிட்ட தராசில் 10 கிலோ நிறுத்துக் கொடுத்ததால்தான் 51ஆவது பாக்கெட் கண்ணில் பட்டது. அந்தப் பெண்மணி மில் எடையைப் பார்க்காமல், மொத்தப் பொடியையும் தன் சமையலறைத் தராசிலேயே மூன்று தவணையாக நிறுத்திருந்தால் அது 10,200 கிராம் என்று சொல்லியிருக்கும். 10,200ஐ 200ஆல் வகுத்தால் 51. எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். விகிதப் பிழையைப் பிடிக்க வெளியிலிருந்து ஒரு எடை வந்தே ஆக வேண்டும். உப்புப் பாக்கெட்டின் வேலை அதுதான்.

இதே காரணத்தால் சமையலில் இந்தப் பிழை பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள் எல்லாவற்றையும் அதே தராசில் நிறுத்தால் எல்லாமே 2 சதவீதம் குறையும். பங்கு மாறாது, ருசியும் மாறாது. ஒன்றைக் கடைப் பாக்கெட்டாக அப்படியே கொட்டி, மற்றதைத் தராசில் நிறுத்தால் பங்கு கொஞ்சம் பிசகும். அதுவும் 2 சதவீதம்தான், நாக்குக்கு எட்டாது. விற்பனையில் மட்டும்தான் மொத்தம் பேசும்.

இரண்டாவது வகைப் பிழை இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு தடவை நிறுக்கும்போதும், எடை பெரிதோ சிறிதோ, ஒரே அளவு கிராம் தவறுவது. பூஜ்யம் நகர்ந்துவிட்டதைக் கவனிக்காமல் தொடர்ந்து போட்டுக்கொண்டே போவதும், கவரின் எடையைக் கழிக்க மறப்பதும் இந்த வகைதான். பாக்கெட்டை எடுத்ததும் திரை 3 என்று நின்றதாகக் குறித்தீர்களே, அது இதன் அடையாளம். திரை 3இல் தொடங்குகிறது. 200 வந்ததும் நிறுத்துகிறோம். உள்ளே விழுந்தது 197.

இந்தப் பிழையை அடுக்குச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். நான்கு பாக்கெட்டைத் தனித்தனியாக நிறுக்கும்போது 3 கிராம் நான்கு தடவை சேர்கிறது. அடுக்கி நிறுக்கும்போது ஒரே தடவை. கூட்டலுக்கும் அடுக்குக்கும் 9 கிராம் வித்தியாசம் வரும். அந்த 9ஐ, பாக்கெட் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வரும் 3ஆல் வகுத்தால், ஒரு தடவைக்கு எவ்வளவு தவறுகிறது என்பது கிடைத்துவிடும்.

மொத்தத்தில் இந்த இரண்டு பிழையும் நடந்துகொள்ளும் விதம் வேறு. 2 சதவீத விகிதப் பிழை 10 கிலோவில் ஏறத்தாழ 200 கிராம். அதை 500 கிராம் பாக்கெட்டாகப் போட்டாலும் 100 கிராமாகப் போட்டாலும் அதே 200தான். தடவைக்கு 3 கிராம் தவறும் பிழையோ எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு வளரும். 10 கிலோவை 500 கிராமாகப் போட்டால் 20 தடவை, 60 கிராம். 200 கிராமாகப் போட்டால் 50 தடவை, 150 கிராம். 100 கிராமாகப் போட்டால் 100 தடவை, 300 கிராம். சிறு பாக்கெட் போடும் வீட்டுத் தொழில்களில் விகிதப் பிழையைவிட இதுவே அதிகம் அரிக்கும் என்பது என் எண்ணம். இதற்கு மருந்தும் எளிது: ஒவ்வொரு கவரை வைத்த பிறகும் டேர் பொத்தானை அழுத்தி, பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொட்டுவது.

மூன்றாவது ஒன்று உண்டு, திரையின் முழு எண். 199.6ஐயும் 200.4ஐயும் தராசு 200 என்றே சொல்லும். இது ஒரு பாக்கெட்டில் அரை கிராமுக்குள் கூடும் அல்லது குறையும். 50 பாக்கெட்டில் பெரும்பாலும் தமக்குள் கழிந்துபோய், மொத்தத்தில் சில கிராமே மிஞ்சும். ஆனால் நாம் கொட்டும் விதம் இதைக் கெடுக்கும். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, திரை 199இலிருந்து 200க்கு மாறிய கணமே நிறுத்துகிறோம். அப்போது உள்ளே இருப்பது 200 அல்ல, 199.5. எல்லாப் பாக்கெட்டிலும் இப்படியே நிறுத்துவதால் அரை கிராம் கழியாமல் சேர்ந்துகொண்டே போகும். 50 பாக்கெட்டில் 25 கிராம். 200 வந்த பிறகும் ஒரு சிட்டிகை போடும் பழைய கடைக்காரர் பழக்கம் கணக்குப்படியும் சரிதான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 200 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட் ஒன்றில் 4.5 சதவீதம், அதாவது 9 கிராம் வரை குறைவு அனுமதிக்கப்படுகிறது. அந்தப் பெண்மணியின் 196 கிராம் பாக்கெட் எதுவும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. இருந்தும் சோதனையில் தவறும், ஏனென்றால் சராசரியே 196. ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள ஏற்ற இறக்கத்துக்குத்தான் சலுகை. எல்லாம் ஒரே பக்கம் சாய்வதற்கு இல்லை. தராசு எதிர்ப்பக்கம் சாய்ந்து குறைத்துக் காட்டினால் வழக்கு வராது, நஷ்டம் வரும். திரையில் 200 வரும்போது உள்ளே 204 கிராம் போய்க்கொண்டிருக்கும். 10 கிலோவில் 49 பாக்கெட்தான் தேறும்.

பிழை தெரிந்தாகிவிட்டது, என்ன செய்வது? சில தராசுகளில் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் திரையில் CAL என்று வந்து, குறிப்பிட்ட எடையை வைக்கச் சொல்லும். அங்கே உப்புப் பாக்கெட்டை வைக்காதீர்கள். பாக்கெட்டின் பிழையையும் கவரின் எடையையும் தராசு அப்படியே விழுங்கி, இனி அதுதான் 1000 என்று நினைத்துக்கொள்ளும். அந்த வேலைக்கு முத்திரையிட்ட எடைக்கல் வேண்டும். அது இல்லையென்றால் திருத்தக் கணக்கே பாதுகாப்பு. 2 சதவீதம் அதிகம் காட்டும் தராசில், 200 கிராம் வேண்டுமென்றால் திரை 204 காட்டட்டும். 500 வேண்டுமென்றால் 510. ஒரு துண்டுத் தாளில் எழுதித் தராசின் மேலேயே ஒட்டிவிடலாம்.

திருத்துவதற்கு முன், நீங்கள் அடிக்கடி நிறுக்கும் எடையின் பக்கத்திலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. 1 கிலோவில் 2 சதவீதம் தவறும் தராசு 200 கிராமிலும் அதே விகிதத்தில்தான் தவறும் என்று உறுதியில்லை. ஆனால் 200 கிராம் உப்புப் பாக்கெட்டுக்கு 9 கிராம் சலுகை இருப்பதால், சிறு பாக்கெட்டை அப்படியே நம்ப முடியாது. தெரிந்த நகைக்கடை இருந்தால் வேலை சுலபம். அவர்கள் தராசு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும், ஆண்டுதோறும் முத்திரை பெற்றிருக்கும். பிரிக்காத 200 கிராம் பாக்கெட் ஒன்றை அங்கே நிறுத்து, வரும் எண்ணை, 206.34 என்றால் அதையே, அழியாத மையால் கவரின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அச்சிட்ட எடை, கவர், ஆலையின் சலுகை எதையும் பற்றிக் கவலை இல்லை. அது இனி உங்கள் எடைக்கல். வீட்டுத் தராசில் 210 அல்லது 211 வந்தால், 2 சதவீதக் கதை கீழேயும் உண்மை என்று தெரிந்துவிடும்.

அதற்கும் கீழே, சில்லறைக் காசு உதவும். 2011 முதல் வந்த, ₹ குறி பொறித்த பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம், 2019 வரிசையில் வந்தது 7.74. எந்த வரிசையானாலும் பத்து நாணயம் 77 கிராமும் கொஞ்சமும். தராசு 79 காட்டினால் அதிகம் காட்டுகிறது என்று பொருள்.

பெருங்காயம், ஈஸ்ட் போன்றவற்றை நிறுக்கும்போது வேறொரு சிக்கல் குறுக்கிடும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் மெல்லிய மாற்றங்களைக் காற்று, சூடு என்று எண்ணித் தராசே பூஜ்யமாக்கிவிடும்படிப் பல தராசுகள் செய்யப்பட்டிருக்கின்றன. டேர் அழுத்தி, சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் 2 கிராம் விழுந்த பிறகும் திரை 0 என்றே நிற்கும்; பிறகு திடீரென்று எண்ணத் தொடங்கும், முதலில் விழுந்த 2 கிராம் கணக்கில் வராது. இதைத் தவிர்க்க, கிண்ணத்தை வைத்துவிட்டு டேர் அழுத்தாதீர்கள். கிண்ணம் 112 காட்டினால், 10 கிராம் பெருங்காயத்துக்கு 122 வரும் வரை போடுங்கள். திரை பூஜ்யத்தில் நிற்காதபோது அந்த விழுங்கல் நடக்காது. அப்போதும் கிண்ணத்தின் எண், கடைசி எண் இரண்டிலும் அரை அரை கிராம் பிசகலாம் என்பதால், 10 கிராமில் 1 கிராம் வரை முன்பின் இருக்கலாம், அதாவது 10 சதவீதம். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் 0.1 கிராம் படியுள்ள சிறு தராசு தனியாக வாங்க வேண்டும்.

விற்பனைக்குப் பாக்கெட் போடுகிறவர்கள் இத்தனையும் செய்தாலும் சமையலறைத் தராசை வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. வியாபாரத் தராசுக்கு முத்திரை கட்டாயம், எலக்ட்ரானிக் தராசானால் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த வேலை தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. முத்திரைத் தராசு வாங்கிய பிறகும் எண் எழுதிய உப்புப் பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஈரம் படாத டப்பாவில் வைத்து, பாக்கெட் போடும் நாளில் முதலில் அதை ஏற்றிப் பார்க்கலாம். கவரில் ஓட்டை விழுந்தாலோ உப்பு கட்டிதட்டினாலோ ஈரம் புகுந்திருக்கும்; அதைச் சாம்பாரில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை நகைக்கடைக்கு எடுத்துப் போங்கள்.